10 ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் 30 போட்டால் வண்டியை எடுத்து வராதீர்கள்

கோபி பக்கம் மினி பஸ் ஓட்டுகிறேன். பஸ், வேன் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

பார்க்கிங் லைட் போட்டாலே 10 ஆம்பியர் ஃபியூஸ் போய்க்கொண்டிருந்தது. ஈரோட்டில் ஒரு எலக்ட்ரிகல் கடையில் விட்டேன். மீட்டரைக் கையில்கூட எடுக்கவில்லை. "ஸ்விட்ச் போயிருச்சுங்க" என்று புது ஸ்விட்ச் மாட்டி 4,800 ரூபாய் வாங்கினார்கள். லைட் எரிந்தது, நானும் நம்பி வந்துவிட்டேன். மூன்றாம் நாள் கடைசி டிரிப்பில் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து கருகல் வாடை. வண்டியில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஓரங்கட்டி ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால், சிவப்பு 10 இருந்த இடத்தில் பச்சை 30!

மறுநாள் எங்கள் ஊர் பஸ் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். "பின்னாடி லைட்டுக்குப் போற வயரு சேஸில உரசியிருக்கும், வழக்கமா அங்கதானுங்க போகும்" என்றார். ஆனால் அந்த யோசனையை நம்பி எதையும் பிரிக்கவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த லைனில் இருந்த பல்பு எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். ஆறின பல்பும் ஓம்ஸைக் குறைவாகத்தான் காட்டுமாம். மாட்டியே இருந்தால் ஷார்ட் என்று ஏமாந்துவிடுவோம்.

மீட்டர் முனை இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டார்: 0.3. அப்புறம் ஒன்றை, ஃபியூஸ் குழியில் லைட்டுக்குப் போகும் பக்கத்திலும், மற்றதைச் சுரண்டிய சேஸ் போல்ட்டிலும் வைத்தார்: 1.3. முனையின் 0.3 போக 1 ஓம். "24 வோல்ட்டுக்கு 24 ஆம்பியர் ஓடுதுங்க. 10 நிக்காது, 30 நின்னுக்கும், வயருதான் வேகும்." எட்டு பல்பும் தலா 5 வாட், எல்லாம் சேர்ந்தே 1.7 ஆம்பியர்தான் இழுக்க வேண்டும்.

பின்பக்கக் கனெக்டரைக் கழற்றினார். அதே 1.3. "அப்ப பின்னாடி இல்லைங்க" என்று தன் யோசனையை அங்கேயே விட்டுவிட்டார். சைடு லைட்டைக் கழற்றினார், மாறவில்லை. முன்னால் பெயர்ப்பலகைக்குப் போகும் கனெக்டரை இழுத்ததும் திரையில் `OL` வந்தது, அதாவது சேஸோடு தொடர்பு விட்டுப்போனது; ஷார்ட் அந்த லைனில்தான்.

பலகையைப் பிரித்தோம். போன மாதம் புதிதாக மாட்டியபோது இறக்கிய ஸ்க்ரூ ஒன்று வயரைத் துளைத்து, துருப்பிடித்த பாடி பிரேமில் நின்றிருந்தது. அதைச் சுற்றி இன்சுலேஷன் உப்பிக் கருத்திருந்தது. ஃபியூஸ் பெட்டி வரைக்கும் சூட்டில் இளகியிருந்த வயரை எல்லாம் மாற்றி, வேறு வழியாக இழுத்துக் கட்டினார். பிறகு ஃபியூஸ் இடத்தில் மீட்டரைப் போட்டு லைட்டைப் போட்டார்: 1.7. அதற்கப்புறம்தான் சிவப்பு 10-ஐக் குத்தினார்.

கடையில் கேட்டு வாங்கி வந்திருந்த பழைய ஸ்விட்சையும் வைத்துப் பார்த்தார். அதில் ஒரு குறையும் இல்லை.