முன்னாள் ஊழியரைப் பற்றி விசாரித்தால்: போனிலா, தேதி மட்டுமா, ஃபைலைப் பார்த்தா?

எங்களிடம் மூன்றாண்டு கணக்குப் பிரிவில் இருந்தவரைப் பற்றிப் போன மாதம் ஒரு நிறுவனத்திலிருந்து போனில் விசாரித்தார்கள். என் முன்னால் மூன்று வழி இருந்தது. போனிலேயே மனம்விட்டுப் பேசலாம். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி மட்டும் சொல்லலாம். இல்லையென்றால், கேள்விகளை மெயிலில் வாங்கி ஃபைலைப் பார்த்து எழுதலாம். நான் எடுத்தது மூன்றாவது.

போன் பேச்சு வேண்டாம் என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எதிர்முனையில் யார் என்று தெரியாது, நாம் சொன்னது எப்படிக் குறிக்கப்படும் என்பதும் தெரியாது.

தேதி மட்டும் சொல்வது பாதுகாப்பானதுதான், எல்லோருக்கும் அப்படியே செய்தால். பிடித்தவரைப் புகழ்ந்துவிட்டு இன்னொருவருக்குத் தேதி மட்டும் கொடுத்தால், அந்த மௌனமே குறையாகப் படிக்கப்படும்.

என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே கேள்வி: சொல்வதற்குக் காகிதம் இருக்கிறதா? இவர் விஷயத்தில் இரண்டு சங்கதிகள் இருந்தன. ஒன்று, 60 நாள் நோட்டீஸில் 24 நாள்தான் வேலை செய்தார். இன்னொன்று, பெட்டி கேஷில் ஒரு முறை பணம் குறைந்தபோது அலுவலகத்தில் சிலர் இவரைச் சந்தேகப்பட்டார்கள். அதற்கு விசாரணையும் நடக்கவில்லை, மெமோவும் இல்லை.

முதலாவதை எழுதினேன். மீதி 36 நாள் சம்பளத்தை இறுதிக் கணக்கில் ஈடுகட்டிவிட்டார் என்பதையும் அடுத்த வரியிலேயே சேர்த்தேன். அதை விட்டிருந்தால் எழுதியது உண்மையாக இருந்தும் அவருக்கு அநியாயமாகியிருக்கும். இரண்டாவதை எழுதவில்லை, போனில் சாடையாகவும் சொல்லவில்லை.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில், அவதூறு வழக்குக்கு உண்மை என்பது மட்டும் பதிலாகாது, அதைச் சொன்னது பொதுநன்மைக்காகவும் இருக்க வேண்டும். பிறர் நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொன்னதற்குத் தனி விலக்கு உண்டு. ஆனால் உரிய கவனம் இல்லாமல் செய்த எதையும் சட்டம் நல்லெண்ணம் என்று ஏற்பதில்லை. ஃபைலைப் பார்த்து எழுதினேன் என்பதுதான் அந்தக் கவனத்துக்கு என் கையில் இருக்கும் சாட்சி.

அந்த முன்னாள் ஊழியர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தையும், நிறுவன முகவரியிலிருந்து மெயிலையும் முதலில் கேட்டு வாங்கினேன். உடல்நிலை, குடும்பம், எடுத்த மருத்துவ விடுப்பு பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதவில்லை. “மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?” என்ற கட்டத்தை யாருக்கும் நிரப்புவதில்லை என்று குறிப்பிட்டேன். பதிலின் நகல் ஒன்றை அவர் ஃபைலில் வைத்தேன்.

விசாரணையில் மோசடி நிரூபணமாகி நீக்கப்பட்ட ஒருவருக்கு நான் இதுவரை பதில் எழுதியதில்லை. அப்படி வந்தால் வக்கீலிடம் காட்டாமல் ஒரு வரியும் அனுப்ப மாட்டேன்.