திருத்தத்தை எண்ணுவதா, எழுத்தை முதலில் பூட்டுவதா?

கடைக்காரருக்கும், அவருக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவு செய்து தரும் ஃப்ரீலான்ஸருக்கும் நடுவே ஒப்புதல் வாங்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. வந்ததை வந்தபடி வாட்ஸ்அப்பில் திருத்திக்கொண்டே போவது ஒன்று. இரண்டு திருத்தம் இலவசம், மூன்றாவதுக்குக் காசு என்பது இன்னொன்று. வாசகத்தை முதலில் முடித்துப் பூட்டிவிட்டு, அப்புறம்தான் படத்தைத் தொடுவது மூன்றாவது. மூன்றையும் ஒரே வேலையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

மொரீசியஸில் ரோஸ் ஹில்லில் ஒரு பூஜைச் சாமான் கடை என்று வைத்துக்கொள்வோம். தைப்பூசக் காவடி வருகிறது. பித்தளைச் செம்பு, கற்பூரம், காவடிக்கு உடுத்தும் ரோஸ் நிறத் துணி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பதிவு வேண்டும். படத்தின் மேல் பிரெஞ்சில் தலைப்பு, கீழே தமிழில் ஒரு வாழ்த்து வரி, பதிவின் வாசகம் கிரியோலில். ஒரு படத்தில் மூன்று மொழி என்பது இங்கே சாதாரணம்தான். திருத்தம் பெருகுவதற்கும் அதுவே நல்ல விளைநிலம்.

வாட்ஸ்அப் வழியில் முதல் படம் போகிறது. "தம்பி, அந்த ரோஸ் கொஞ்சம் தூக்கலா இல்ல?" என்று பதில் வருகிறது. நிறத்தைக் குறைத்து அனுப்பினால், செம்பின் விலை 450 இல்லை, 1,250 ரூபாய் என்று மறுநாள் தெரிகிறது. அதற்கு அடுத்து, பிரெஞ்சுத் தலைப்பில் ஓர் எழுத்தின் மேல் குறி விட்டுப்போனதை மருமகன் கண்டுபிடிக்கிறார். இவற்றில் எதுவும் வீம்பு இல்லை, எல்லாமே நியாயமான திருத்தம். கோளாறு வரிசையில் இருக்கிறது. படம் கண்ணில் பட்டதும் மனம் நிறத்துக்குப் போகிறது. நிறம் பிடித்த பிறகுதான் எழுத்தைப் படிக்கிறோம். அதனால் வாசகத் தவறுகள் எல்லாம் படம் முடிந்த பிறகே வெளியே வருகின்றன. நான்கு இலக்க விலை மூன்று இலக்கத்துக்கு விட்ட இடத்தில் உட்காராது, பக்கத்தில் இருப்பதையும் நகர்த்த வேண்டும்.

இதில் பொய்த் திருத்தம் ஒன்றும் உண்டு. வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்குகிறது, சிறிய எழுத்து மங்கிவிடுகிறது. "எழுத்தைப் பெருசா போடுங்க" என்று கடைக்காரர் சொல்வது பல நேரம் இந்த மங்கலைப் பார்த்துத்தான். அதே கோப்பை டாக்குமெண்டாக அனுப்பிப் பாருங்கள், அந்தக் குறை பாதி நேரம் எழவே எழாது.

சரி, திருத்தத்தை எண்ணும் வழி? காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு திருத்தம் என்பது எது? ஏழு மாற்றங்களை ஒரே வாய்ஸ் நோட்டில் சொன்னால் ஒன்றா, ஏழா? ஃப்ரீலான்ஸர் செய்த எழுத்துப்பிழையைச் சரிசெய்வது யார் கணக்கில் சேரும்? இதை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால், பதிவைப் பற்றிய பேச்சு போய் எண்ணிக்கையைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். கடையில் பார்க்க வேண்டிய எல்லோரும் பார்த்த பிறகு ஒரே செய்தியாக வருவது ஒரு திருத்தம், செய்பவரின் பிழை கணக்கில் சேராது என்று எழுதிக்கொண்டால் ஓரளவு ஓடும். அப்போதும் தலைப்பில் மாற்றமா, நிறத்தில் மாற்றமா என்ற பேதம் அந்தக் கணக்குக்குத் தெரியாது. இன்னொரு சங்கடமும் உண்டு. இது சின்னத் தீவு. வெள்ளிக்கிழமை கோவிலில் எதிரே வரும் அண்ணனிடம் மூன்றாவது திருத்தத்துக்குப் பில் போட முடியுமா? பெரும்பாலும் "பரவாயில்லை அண்ணே" என்று விட்டுவிடுகிறோம். ஒருமுறை விட்டால் அந்த விதி அதோடு சரி. லோகோ, அச்சு பேனர் மாதிரி ஒருமுறை வேலைக்கும், புதிதாக வந்த வாடிக்கையாளருக்கும் இது போதும். மாதாமாதம் ஓடும் வேலைக்கு நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

என் ஓட்டு மூன்றாவதற்கு. முதல் நாள் படமே இல்லாமல் வெறும் எழுத்து மட்டும் போக வேண்டும்: படத்தில் வரும் சொற்கள், பதிவின் வாசகம், விலை, சலுகை முடியும் தேதி, கடை நேரம், போன் எண். பார்க்க எதுவும் இல்லாததால் கடைக்காரர் படித்தே ஆக வேண்டும். அவர் "எழுத்து சரி" என்று பதில் எழுதியதும் அது பூட்டப்படுகிறது. அடுத்து நிறமும் அமைப்பும் மட்டும், இரண்டு மாதிரி, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. கடைசிப் படத்தில் ஒரே கேள்விதான்: பூட்டிய எழுத்து அப்படியே வந்திருக்கிறதா? அதற்குப் பிறகு விலை மாறினால் அது புது வேலை. எதற்குக் காசு என்று இருவருக்கும் தெரிவதால் கேட்கவும் கூச்சம் இல்லை.

ஒப்புதல் சொல்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும், அவர் பெயர் முதலிலேயே எழுதப்பட வேண்டும். மருமகன் பார்க்கலாம், ஆனால் கருத்து கடைக்காரர் வழியாகத்தான் வர வேண்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. இங்கே தமிழ்க் குடும்பங்களில் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. கடைக்காரரும் அப்படியானால், அந்த வாழ்த்து வரிக்கு மட்டும் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒப்புதல் தர வேண்டும், அதுவும் இரண்டு முறை. எழுத்துக் கட்டத்தில் சரியாக இருந்த வரி படத்தில் உடையலாம். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தென்னாசிய மொழிகளுக்கான அமைப்பை மாற்றாமல் தமிழை ஒட்டினால் 'கொ' போன்ற எழுத்துகளில் கொம்பு இடம் மாறி விழும். படிக்கத் தெரியாதவர் கண்ணுக்கு அதுவும் அழகாகத்தான் இருக்கும்.

பதில் வராமலே போனால்? மௌனம் சம்மதம் என்று சிலர் ஒப்பந்தத்தில் எழுதுகிறார்கள். வாழ்த்துப் பதிவுக்கு அது சரி. விலை உள்ள பதிவுக்கு வேண்டாம். தவறான விலை வெளியே போனால் கவுன்டரில் வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்குவது கடைக்காரர்தான். அங்கே மௌனம் என்றால் பதிவு வெளியே போகாது, அந்த நாள் இடம் போய்விடும் என்று இருக்கட்டும். காவடிக்கு இது உண்மையிலேயே உறைக்கும். கொடியேற்றத்தோடு பத்து நாள் விரதம் தொடங்கிவிடும். சாமான் வாங்குகிறவர்களில் பலர் அதற்கு முன்பே வருவார்கள். ஆகவே பதிவு கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் முன்பு போக வேண்டும், எழுத்து அதற்கும் ஒரு வாரம் முன்பு பூட்டப்பட வேண்டும். திங்கள் எழுத்து, புதன் மதியம் பதில், வெள்ளி மாதிரி, அடுத்த திங்கள் கடைசிப் படம் என்று போனால் மூச்சு விட நேரம் இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே இறுக்கத்தோடு பூட்டவும் தேவையில்லை. பதிவின் வாசகத்தை வெளியான பிறகும் மாற்றலாம். இன்ஸ்டாகிராமில் படத்தை மாற்ற முடியாது, அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும், வந்த லைக்கும் கமெண்டும் போய்விடும். அச்சடித்த பேனர் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் மாறக்கூடிய விலையைப் படத்தில் போடாமல் வாசகத்தில் போடச் சொல்கிறேன். செம்பு விலை ஏறினாலும் படம் பிழைக்கும். காசு கட்டி பூஸ்ட் செய்யப் போகிற பதிவு என்றால் மட்டும் வாசகத்தையும் படத்தைப் போலவே பூட்டிவிடுங்கள்.

இந்த முறை தடுமாறுகிற இடம் அன்றைக்கே போக வேண்டிய பதிவு. காவடி வருவதே புயல் பருவத்தில். மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை வந்தால் கடை மூடப்படும், அப்போது எழுத்துக்கு ஒரு நாள், மாதிரிக்கு ஒரு நாள் என்று உட்கார்ந்திருக்க முடியாது. அதற்குப் பருவம் தொடங்குமுன் நவம்பரிலேயே 'கடை மூடியிருக்கும்', 'மீண்டும் திறக்கிறோம்' என்று இரண்டு படங்களுக்கு ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தேதியும் நேரமும் வாசகத்தில் மட்டும் வரும், அதைப் போனில் கேட்டு, எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டுப் போட்டுவிடலாம்.