சபுக்கு வரிசை ஓரத்தில் போஞ்சி: நிழல் எது, வேர் எது?

வெலிமடைச் சரிவில் உள்ள எங்கள் காணியில் சபுக்கு, ஆனைக்கொய்யா, போஞ்சி, இஞ்சி எல்லாம் பல ஆண்டுகளாகச் சேர்ந்தே வளர்கின்றன. கச்சான் காற்றைத் தடுப்பதற்கும் பலகைக்குமாகக் கிழக்கு மேற்காக ஒரு சபுக்கு வரிசை நிற்கிறது. அதை வெட்டிவிடச் சொல்பவர்கள் உண்டு. நான் வெட்டப் போவதில்லை.

முதலில் வெயிலைக் கவனிக்க வேண்டும். டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது 30 அடி மரத்தின் நிழல் வடக்கே 18 அடி வரை விழும். ஜூனில் சூரியன் வடக்கே போய்விடுவதால் நிழல் தெற்கே 9 அடிதான். இது சமநிலக் கணக்கு. வடக்கு நோக்கிச் சரியும் நிலத்தில் டிசம்பர் நிழல் இன்னும் நீளும். அதனால் பெரும்போகப் போஞ்சியை வரிசைக்குத் தெற்கே போடுகிறேன். ஓரளவு நிழலைத் தாங்கும் இஞ்சிக்கு வடக்குப் பக்கம். விதைப்பதற்கு முன் சபுக்கின் பக்கக் கிளைகளைக் கழித்து, உச்சியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் விடுகிறேன். மரம் மறுபடி துளிர்த்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் தெற்குப் பாத்தியில் மரத்தை ஒட்டிய முதல் வரிசைப் போஞ்சி குட்டையாகவே நின்றது. நிழல்தான் காரணம் என்றார் பக்கத்துக் காணிக்காரர். நிழலில் வாடும் போஞ்சி அப்படி இருக்காது. கணுக்களுக்கு இடையே தண்டு நீண்டு, இலை அகன்று மெலிந்து, பூ குறையும். இதுவோ குறுகிய தண்டு, சிறிய இலை. மூன்றாம் வரிசை நிமிர்ந்து நிற்கும் நண்பகலிலும் தலை தொங்கியது. அது வேர்ப் போட்டி. சபுக்கின் மெல்லிய வேர்கள் மேல்மண்ணிலேயே கொத்துக் கொத்தாகப் பரவி நீரையும் பொசுபரசையும் எடுத்துக்கொள்கின்றன.

மரத்திலிருந்து 5 அடி தள்ளி, சம உயரக் கோட்டில், ஒன்றரை அடி அகலம், 2 அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டினோம். வெட்டிய சுவர் முழுவதும் பழுப்பு நிற வேர் நுனிகள். அடுத்த போகத்தில் முதல் வரிசை மூன்றாம் வரிசையின் உயரத்துக்கு வந்தது. வேர் திரும்ப வரும் என்பதால் வாய்க்காலை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டுமே வெட்டுங்கள். இரு பக்கமும் வேரை இழந்த மரம் காற்றில் சாய்ந்துவிடும். செங்குத்தான சரிவில் வாய்க்காலைத் திறந்தே விட்டால் மழை நீர் தேங்கி மண் சரியக்கூடும். கழித்த சபுக்குத் தழையை அதில் நிரப்புகிறோம். அந்த இலை மெதுவாகத்தான் மக்கும். பாத்தி மண்ணில் கலந்தால் பயிருக்குரிய நைதரசன் அதிலேயே சிக்கிக்கொள்ளும். பாத்திக்கு விரைவில் மக்கும் காட்டுச் சூரியகாந்தித் தழையே நல்லது.

ஆனைக்கொய்யா மட்டும் தனி விதி. அதன் வேரும் மேலோட்டமானதுதான். ஆனால் காயம் பட்டால் ஈர மண்ணில் வேரழுகல் எளிதில் பற்றும். அதன் குடைக்குக் கீழே வாய்க்காலும் கிடையாது, கிளறி எடுக்கும் கிழங்கும் கிடையாது. உதிர்ந்த இலையை அப்படியே கிடக்க விட்டு, தண்டைச் சுற்றி ஓர் அடி மட்டும் விலக்கி வைக்கிறோம்.