நிக்கான் 50 மி.மீ.: ‘டி’யா, ‘ஜி’யா?

பழைய லென்ஸ் விற்பவர் “நிக்கான் ஐம்பது, ஒன்று புள்ளி எட்டு” என்று மட்டும் சொன்னால் விலை பேச வேண்டாம். அந்தப் பெயரில் இரண்டு லென்ஸ்கள் அதிகம் கைமாறுகின்றன. குழாயில் 1:1.8-க்குப் பின்னால் உள்ள எழுத்தைப் பாருங்கள்.

‘டி’ என்றால் ஒளி புகும் துளையின் அளவை மாற்ற, 22 வரை எண்கள் பொறித்த துளை வளையம் இருக்கும். பின்புற உலோக வளையத்தில் திருகாணித் தலையைப் போல ஒரு சிறு பிளவும் தெரியும். கேமராவில் உள்ள மோட்டார் அந்தப் பிளவைத் திருகித்தான் ஃபோகஸ் செய்கிறது. டி3400, டி5600 போன்ற சிறிய நிக்கான் கேமராக்களில் அந்த மோட்டார் இல்லை. கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். துளை வளையத்தை 22-இல் பூட்டாவிட்டால் திரையில் fEE என்று வரும். லென்ஸ் பழுது என்று பயந்து திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு!

2011-இல் வந்த ‘ஜி’யில் துளை வளையமும் பிளவும் இல்லை. மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் இந்தச் சிறிய கேமராக்களிலும் தானாக ஃபோகஸ் ஆகும். பழைய ‘ஜி’யில் கவலையும் அந்த மோட்டார்தான்: கிறீச்சிட்டாலோ தயங்கினாலோ வாங்காதீர்கள்.

என் கணக்கில் நல்ல ‘டி’க்கு 5,000 ரூபாய், ‘ஜி’க்கு 8,000 நியாயம். ‘டி’யில் துளை இதழ்களில் எண்ணெய் மினுங்கினால் பாதி விலைக்குமேல் தர மாட்டேன். மோட்டார் உள்ள டி7200 கேமரா வைத்திருப்பவருக்கு ‘டி’ லென்ஸே போதும்.