புகைப்படத் தளம் விரைவாகத் திறக்க: சுருக்கமா, சோம்பல் ஏற்றமா?

ஒரு திருமணப் புகைப்படக் கலைஞரின் தளத்தில் ஒரே பக்கத்தில் 40 படங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் 24 மெகாபிக்சல் கேமராவிலிருந்து அப்படியே வந்த 6000 × 4000 அளவு, ஏறக்குறைய 8 எம்பி. மொத்தம் 320 எம்பி.

சோம்பல் ஏற்றத்தை மட்டும் சேர்த்தால், திரைக்குக் கீழே உள்ள படங்கள் பார்வையாளர் அவற்றை நெருங்கும்வரை காத்திருக்கும். ஆனால் முதல் திரையில் தெரியும் மூன்று படங்களுக்கே 24 எம்பி வேண்டும். நொடிக்கு 10 மெகாபிட் இணைப்பில் அதற்கு சுமார் 19 நொடிகள் ஆகும். வேகமாகக் கீழே உருட்டுபவருக்கு வெற்றுக் கட்டங்களே கண்ணில் படும்.

மாறாக, படங்களின் அகலத்தை 2000 பிக்சலாகக் குறைத்தாலே பிக்சல்களின் எண்ணிக்கை ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். அதன்பின் தரத்தை அளவோடு குறைத்துச் சேமித்து, படம் 300 கேபி அளவுக்கு வந்தால், 40 படங்களும் சேர்ந்து 12 எம்பிதான். அதே இணைப்பில் பத்து நொடிக்குள் முழுப் பக்கமும் வந்துவிடும். ஒன்றை மட்டுமே செய்ய நேரமிருந்தால் சுருக்கத்தைத்தான் செய்ய வேண்டும் என்பேன். இரண்டையும் செய்தால் முதல் திரைக்கு 1 எம்பிகூடத் தேவைப்படாது.

எந்த வடிவத்தில் சுருக்குவது என்பதில் கலைஞரின் கண் முக்கியம். இழப்புள்ள வெப்பி வடிவம் நிறத் தகவலை நான்கு பிக்சலுக்கு ஒன்றாகத்தான் வைக்கும். அரக்குச் சிவப்புப் பட்டில் ஓடும் மெல்லிய சரிகைக் கோடு அதனால் ஓரங்களில் கலங்கிப்போகும். ஜேபெக்கிலும் ஏவிஃபிலும் நிறத்தை முழுமையாக வைக்கும் 4:4:4 அமைப்பு உண்டு. ஏவிஃப் கோப்பு பெரும்பாலும் ஜேபெக்கைவிடச் சிறியது என்பதால் நான் அதையே தேர்வேன். ஆனால் உருவாக்க அதிக நேரம் பிடிக்கும், தரத்தை மிகக் குறைத்தால் முகத்தின் தோல் மெழுகுபோல வழுவழுப்பாகிவிடும். சுருக்குமுன் படத்தை எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு மாற்றுவதும் அவசியம். அடோபி ஆர்ஜிபியில் எடுத்த படத்தின் நிறக்குறிப்பு சுருக்கும்போது நீங்கிவிட்டால் வண்ணங்கள் மங்கித் தெரியும்.

சோம்பல் ஏற்றத்துக்குத் தனி ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் இனித் தேவையில்லை. குரோமில் 2019 முதலே இந்த வசதி உண்டு, பிற முதன்மை உலாவிகளிலும் வந்துவிட்டது. எல்லாப் படங்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடுவதுதான் தவறு. முகப்புப் படத்துக்கும் போட்டால், பக்க அமைப்பைக் கணக்கிட்டு முடிக்கும்வரை உலாவி அதைக் கேட்கவே தொடங்காது.

```html
<img src="01.avif" width="2000" height="1333" fetchpriority="high" alt="">
<img src="07.avif" width="2000" height="1333" loading="lazy" alt="">
```

அகலமும் உயரமும் எழுதப்பட்டிருந்தால் உலாவி இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிடும். இல்லையேல் படம் வரவரப் பக்கம் குதிக்கும். குரோமின் உருவாக்குநர் கருவியில் Network பகுதியைத் திறந்து, பக்கத்தை மறுபடி ஏற்றிப் பாருங்கள்: முகப்புப் படம் ஏறும் நேரத்தைக் காட்டும் கோடு, ஸ்டைல் கோப்புகளின் கோடுகள் முடிந்த பிறகே தொடங்கினால், அந்தப் படத்தில் `lazy` ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதை முதலில் சரிபார்க்க வேண்டும்.