அழுத்தும் கையா, எழுந்துபோன பள்ளமா: மெத்தை விளம்பரத்தில் எது மென்மையைக் காட்டுகிறது?

மெத்தையைப் படம் எடுப்பவருக்கு ஒரு தொல்லை உண்டு. விற்கிற பொருள் படத்தில் தெரியாது. நுரையும் ஸ்பிரிங்கும் உறைக்குள் ஒளிந்துகொள்ள, கண்ணுக்குக் கிடைப்பது ஒரு வெள்ளை விரிப்பு மட்டுமே. பார்ப்பவர் தொட்டுப் பார்க்கவும் முடியாது. ஆகவே எங்கே, எப்படி அழுந்தியிருக்கிறது என்பதைக் கொண்டுதான் மென்மையை ஊகிக்கிறார்.

அண்மையில் பாக்கெட் ஸ்பிரிங் மெத்தை ஒன்றுக்கு விளம்பரப் படம் எடுத்தோம். மேலே இரண்டு அங்குல நுரை அடுக்கு உள்ள மெத்தை. மெத்தைத் தயாரிப்பாளர் கேட்டது கை அழுத்தும் படம். நான் கேட்டது, ஆள் எழுந்துபோன படுக்கை. இடையில் ஒருவர் தூங்கும் படமும் வேண்டும் என்றார் அவருடைய தம்பி. சண்டை வேண்டாம் என்று மூன்றையும் ஒரே அறையில், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தோம்.

தூங்கும் ஆளை முதலில் முடித்துவிடுகிறேன். மனித முகம் படத்தில் இருந்தால் கண் அங்கேதான் போகும். மெத்தை வெறும் பின்னணி ஆகிவிடும். போதாக்குறைக்கு, பள்ளம் முழுவதும் உடலுக்கு அடியில் மறைந்துவிடுகிறது. பொய்த் தூக்கமும் காட்டிக்கொடுத்துவிடும். இமை இறுகியிருக்கும், தாடை தளராது. பக்கவாட்டில் படுத்தவரை முதுகுப்புறமிருந்து எடுத்தால், தோளும் இடுப்பும் இறங்கி இடை தாங்கப்படுவதைக் காட்டலாம். அது தாங்குதிறனைச் சொல்லும் படம், மென்மையைச் சொல்லும் படமன்று.

கை அழுத்தும் படம் புகழ்பெற்றதற்குக் காரணம் மெமரி ஃபோம். 1966இல் நாசாவின் ஒப்பந்தப் பணியில் சார்லஸ் யோஸ்ட் உருவாக்கிய அந்த நுரை, கையை எடுத்த பிறகும் சில நொடிகள் விரல்தடத்தைப் பிடித்து வைத்திருக்கும். கையின் அச்சு அப்படியே தெரியும் படம் அந்த நுரைக்கு உண்மையான சாட்சி. ஒரு எச்சரிக்கை: குளிரில் இந்த நுரை இறுகும். ஏசியை முழுவேகத்தில் வைத்துவிட்டுக் கையை அழுத்தினால் தடம் ஆழமாக விழாது.

எங்கள் மெத்தையோ ஸ்பிரிங். கையை எடுத்த மறுகணம் மேலே வந்துவிடும். அதனால் கை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஏதோ உறுத்தியது. உள்ளங்கையைச் சுற்றி நட்சத்திரம் போல நேர்க்கோட்டுச் சுருக்கங்கள் ஓடின. விரிப்பை நான்கு மூலையிலும் இழுத்துச் செருகியிருந்தோம். கை அதை இன்னும் இழுத்ததால் வந்த கோடுகள் அவை. துணி நேர்க்கோடாகச் சுருங்கினால் கண் அதை இறுக்கம் என்றே படிக்கிறது. செருகலைத் தளர்த்தி, நடுப்பக்கம் ஒரு சாண் துணியைத் தள்ளிவிட்டதும், கோடுகள் வளைந்த மடிப்புகளாக மாறின. விரல் நுனிகள் வெளுத்திருந்ததும் கெடுதல்தான். அழுத்த வலு போடுகிறார் என்றால் மெத்தை கெட்டி என்று பொருள். முழங்கையைத் தளர்த்தி, உடல் எடையை மெல்லச் சாய்க்கச் சொன்ன பிறகே கை மூழ்கியது போலத் தெரிந்தது.

எழுந்துபோன பள்ளத்தில் வேறு சிக்கல். மெத்தையில் பள்ளம் நிற்காது. அதைத் தலையணையும் போர்வையும்தான் நினைவில் வைத்திருக்கும். எனவே ஒருவரைப் பத்து நிமிடம் உண்மையாகவே படுக்க வைத்து, போர்வையை அவரே விலக்கி எழும்படி சொன்னோம். கையால் அடுக்கிய மடிப்பில் இந்த வாகு வராது. தடித்த பஞ்சுப் போர்வை உருண்டையான, அகன்ற மடிப்பாக விழுந்தது. மெல்லிய விரிப்பு மட்டும் இருந்திருந்தால் மடிப்பு கூர்மையாக ஒடிந்து காகிதம் போலத் தெரிந்திருக்கும். துணியிலும் இதே வேறுபாடு உண்டு: ஒன்றுவிட்டொன்று நெய்த பெர்கேல் மொடமொடப்பாக ஒடியும், சாட்டீன் நெசவு பளபளத்து வழியும். நாங்கள் போர்வைக்குச் சாட்டீனையும் விரிப்புக்குப் பெர்கேலையும் வைத்தோம். பொட்டலத்தில் வந்த சதுர மடிப்புக் கோடுகளை மட்டும் நீராவி இஸ்திரியால் எடுத்தாக வேண்டும். அவை கடையைத்தான் நினைவூட்டும், தூக்கத்தை அன்று.

இந்த வழியின் உண்மையான ஆபத்து வேறு. ஆழமான பள்ளம் பழைய மெத்தையாகத் தோன்றிவிடலாம். எங்கள் வீட்டு இலவம்பஞ்சு மெத்தை நடுவில் குழிந்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தக் குழியை உடனே அடையாளம் தெரியும். இடுப்பு படும் இடத்தில் விரிப்பு தட்டையாக, அகலமாகத் தாழ்ந்திருந்தால் அது தொய்வு. பள்ளத்தின் விளிம்பில் துணி உப்பி எழுந்திருந்தால் அது மென்மை. நாங்கள் பள்ளத்தைத் தலையணையிலேயே நிறுத்திக்கொண்டோம். மெத்தையின் ஓரக்கோடு நேராகத் தெரியும்படி விட்டோம்.

இரண்டாவது ஆபத்து உணர்ச்சியில். ஃபெலிக்ஸ் கோன்சாலஸ் டோரஸ் என்ற கலைஞர் 1991இல், இரு தலையணைகளிலும் தலைப் பள்ளம் பதிந்த ஒரு காலிக் கட்டிலைக் கறுப்பு வெள்ளையில் படமாக்கினார். 1992இல் நியூயார்க்கில் 24 விளம்பரப் பலகைகளில் அது வைக்கப்பட்டது. அவருடைய துணைவர் 1991இல் எய்ட்ஸால் இறந்திருந்தார். பள்ளங்கள் நம் விளம்பரத்தில் இருப்பவையே. ஆனால் அங்கே வண்ணமோ கதகதப்போ இல்லை. அதனால் அது இழப்பு. எங்கள் படத்தில் போர்வை மேல் ஒரு மூக்குக்கண்ணாடியும் தரையில் செருப்பும் வைத்தோம். ஆள் காபி போடத்தான் போயிருக்கிறார் என்று தெரிந்தால் போதும்.

இனி வெளிச்சம். கேமராவில் பொருத்திய பிளாஷ் நேராக அடித்தால் பள்ளம் காணாமல் போகும். எல்லா மடிப்பும் ஒரே வெள்ளை. ஜன்னல் ஒளி பக்கவாட்டில், தாழ்வாக வருடிச் செல்லும்போது, பள்ளத்தின் ஜன்னலோரச் சரிவு நிழலாகவும் எதிர்ச்சரிவு வெளிச்சமாகவும் ஆகிறது. அந்த இரண்டுக்கும் இடையே நிறம் எவ்வளவு மெதுவாக மாறுகிறதோ அவ்வளவு மென்மை தெரியும். ஜன்னலில் வெள்ளை மல் துணி கட்டினோம். எதிர்ப்பக்கம் வழக்கமான தெர்மாகோல் பலகைக்குப் பதில் கறுப்புத் துணி வைத்தேன். நிழலை நிரப்பினால் பள்ளம் ஆழமிழக்கும். ஒளி படத்தின் மேற்பக்கத்திலிருந்து வருமாறு கட்டிலைத் திருப்பியதும் முக்கியம். ஒளி கீழிருந்து வந்தால் நம் கண் பள்ளத்தைப் புடைப்பாகப் படித்துவிடும். வெள்ளைத் துணியைக் கேமரா சாம்பலாக்க முயலும் என்பதால் ஒளியை ஒரு ஸ்டாப், அதாவது இருமடங்காக, கூட்டினோம். படுக்கை விளக்கை எரியவிட்ட படமும் எடுத்தோம். மஞ்சள் விளக்கும் நீல ஜன்னலும் ஒரே தலையணையில் மோதியதால் அதைக் கழித்தேன்.

கெட்டியான தேங்காய்நார் மெத்தைக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. அடியில் மென்மையான அடுக்கைத் திருட்டுத்தனமாக வைத்தால்? அமெரிக்காவில் சூப் கிண்ணத்தின் அடியில் கோலிக்குண்டுகளைப் போட்டு, காய்கறிகளை மேலே எழும்ப வைத்த விளம்பரம் மீது வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது, 1970 வாக்கில். விரிப்புக்கு அடியில் போடும் நுரையும் அந்தக் கோலிக்குண்டுதான்.

என் தீர்ப்பு: நெடுஞ்சாலைப் பலகைக்கு எழுந்துபோன படுக்கை. மெமரி ஃபோம் என்றால் கை. தயாரிப்பாளர் இரண்டையும் ஏற்றார். தலையணையின் ஒரு சுருக்கத்தை மட்டும் கணினியில் அழிக்கச் சொன்னார். அழித்துக் காட்டினேன். தலையணை சுண்ணாம்பில் வார்த்தது போல ஆனது. அவரே திரும்பப் போடச் சொல்லிவிட்டார்.