பூவா தலையா: ஒன்றரை ஆண்டு ஏ/பி சோதனை அனுபவம்

சமூக ஊடகத்தில் பதிவு போட ஏற்றது காலை ஏழு மணியா, இரவு எட்டு மணியா என்ற கேள்வியோடுதான், இரண்டு வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த ஏ/பி சோதனையைத் தொடங்கினேன். பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தபோது இரவுப் பதிவுகளின் ரீச், அதாவது அவை சென்றடைந்தவர்களின் எண்ணிக்கை, தெளிவாகவே கூடுதலாக இருந்தது. ஆனால் பகல் முழுவதும் உட்கார்ந்து செதுக்கியவற்றைத்தான் இரவில் போட்டிருந்தேன் என்பதும், அவசரத்தில் எழுதியவையே காலையில் போயிருந்தன என்பதும் பிறகுதான் உறைத்தது.

கட்டண விளம்பரமாக இருந்தால் பார்வையாளர்களைத் தளமே இரண்டு குழுக்களாகப் பிரித்துத் தரும். சாதாரணப் பதிவுக்கு அந்த வசதி எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே பதிவுகளை ஜோடியாக்கினேன். ஒரே வகைப் பொருளில், ஏறத்தாழ ஒரே நீளத்தில் இரண்டு ரீல்களை முன்கூட்டியே முடித்து, செவ்வாய்க்கு ஒன்று, வியாழனுக்கு ஒன்று என ஒதுக்கிவிட்டு, எந்த நாளுக்கு இரவு நேரம் என்பதை நாணயத்தைச் சுண்டி முடிவு செய்தேன். பதிவேறிச் சரியாக 48 மணி நேரம் ஆனதும் ரீச் எண்ணைக் குறித்துக்கொள்வேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் உட்கார்ந்து எண்ணினால், முந்திப் போட்ட பதிவுக்கு அதிக அவகாசம் கிடைத்துவிடும்.

நான்கு வாரம் முடிந்தபோது இரவு நான்குக்கு நான்கு வென்றிருந்தது. அங்கேயே நிறுத்தத்தான் கை துறுதுறுத்தது. 12 வாரம் என்று முதலிலேயே எழுதி வைத்திருந்ததால் தொடர்ந்தேன். முடிவில் இரவுக்கு 7, காலைக்கு 5. நாணயத்தை 12 முறை சுண்டினால் ஏழோ அதற்கு மேலோ தலை விழுவதற்கு, நூற்றில் ஏறக்குறைய 39 வாய்ப்பு உண்டு. ஆக, என் கணக்கைப் பொறுத்தவரை நேரம் பெரிய விஷயம் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. சிறிய வித்தியாசம் இருந்தாலும் 12 ஜோடிகளில் அது பிடிபடாது.

அடுத்து, ரீலா, பல படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் கரௌசலா என்ற வடிவச் சோதனையைப் பாதியில் கைவிட்டேன். படிப்படியாக விளக்க வேண்டியதைக் கரௌசலாகவும் செய்து காட்ட வேண்டியதை ரீலாகவும் அமைப்பதே இயல்பு என்பதால், பொருள் வேறு, வடிவம் வேறு என்று பிரிக்கவே முடியவில்லை.

பார்ப்பவரை நிறுத்தி வைக்கும் தொடக்கமான ஹூக்கைப் பற்றிய சோதனைதான் சுவையானது. கேள்வியோடு தொடங்கும் ரீலுக்கும் முடிவை முதலில் காட்டும் ரீலுக்கும் இடையே, மூன்று நொடிக்கு மேல் நின்று பார்த்தவர்களின் விகிதத்தை மட்டும் ஒப்பிட்டேன். முடிவைக் காட்டியது 12க்கு 10 வென்றது. தற்செயலாக அத்தனையோ அதற்கு மேலோ வெல்வதற்கு நூற்றில் இரண்டு வாய்ப்புதான். மறுபடி 12 வாரம் ஓட்டியபோது அது எட்டாகக் குறைந்தது. திசை மாறவில்லை, பலம் குறைந்தது. கடைசி வரை பார்த்தவர்களின் எண்ணிக்கையோ இரண்டு சுற்றிலும் அசையவில்லை. முதல் மூன்று நொடி தாண்டிக் கூடுதலாக நின்றவர்கள் பத்தாவது நொடிக்குள் போய்விடுகிறார்கள். இப்போது ஹூக்கை அப்படியே வைத்துக்கொண்டு, நான்காவது நொடியில் வரும் வாக்கியத்தை மட்டும் மாற்றி மாற்றிச் சுண்டிப் பார்க்கிறேன்.